தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு: அறிவியல் சொல் அட்டைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, பதினொன்றில் ஆங்கில வழி அறிவியல் பிரிவில் சேரும் மாணவர்களுக்கும், அவர்களுடைய பெற்றோர், ஆசிரியர்களுக்கும் இந்தப் பக்கம். சொல் அட்டை என்றால் முன்பக்கம் ஆங்கிலச் சொல்லும் பின்பக்கம் அதன் தமிழ்ச் சொல்லும் எழுதிய சின்ன அட்டை. எல்லாப் பாடத்தையும் தொடாமல், இயற்பியலில் ‘இயக்க விதிகள்’ பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்கியிருக்கிறோம். பத்தாம் வகுப்பில் அது முதல் பாடம். பதினொன்றிலும் தொடக்கத்திலேயே வந்துவிடும். ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். அட்டையில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும்.

பையன் பத்தாவதில் அறிவியலில் நல்ல மார்க். சொற்களுக்கு அர்த்தம் தெரிந்தால் போதாதா, அட்டை எதற்கு?

அர்த்தம் தெரிவது வேறு, ஆசிரியர் அடுத்த வரிக்குப் போவதற்குள் அது நினைவுக்கு வருவது வேறு. ‘முடுக்கம்’ என்றால் என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வகுப்பில் ‘ஆக்சிலரேஷன்’ காதில் விழுந்ததும், அதைத் தமிழுக்கு மாற்றி, பொருளை நினைவுக்குக் கொண்டுவர மூன்று நான்கு நொடி ஆகிறது. அதற்குள் கரும்பலகையில் இரண்டு வரி ஓடிவிடும். அந்த இடைவெளியைக் குறைப்பதுதான் அட்டையின் வேலை.

அட்டையால் பாடத்தைக் கற்றுத்தர முடியாது. தமிழில் ‘உந்தம்’ என்றால் என்னவென்று புரியாத பிள்ளைக்கு ‘மொமென்டம்’ அட்டை கொடுத்தால், புரியாத சொற்கள் ஒன்றுக்கு இரண்டாகும். அதனால் அட்டை எழுதும் முன் சின்ன சோதனை ஒன்று செய்யுங்கள். தமிழ்ச் சொல்லை மட்டும் சொல்லி, ஓர் எடுத்துக்காட்டோடு விளக்கச் சொல்லுங்கள். விளக்க வரவில்லை என்றால் அந்தச் சொல்லைத் தள்ளி வையுங்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்தபின் எழுதலாம்.

எந்தச் சொற்களை எடுப்பது? புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறதெல்லாம் எழுதணுமா?

வேண்டாம். தடித்த எழுத்தில் இருக்கும் கலைச்சொற்களை ஆசிரியரே விளக்கிவிடுவார். மாணவர்கள் உண்மையில் தடுமாறுவது யாரும் விளக்காத, சாதாரணமாகத் தெரியும் சொற்களில்தான்.

‘யூனிஃபார்ம்’ என்றால் பிள்ளைகளுக்குத் தெரிந்தது பள்ளிச் சீருடை. ‘யூனிஃபார்ம் வெலாசிட்டி’யில் அது ‘சீரான’ என்று பொருள்படும். ‘பாடி’ என்றால் உடல் என்று படித்திருப்பார்கள். இயற்பியலில் அது எந்தப் பொருளையும் குறிக்கும், கல்லாக இருந்தாலும் லாரியாக இருந்தாலும். ‘ஸ்மூத் சர்ஃபேஸ்’ என்பதை வழவழப்பான பரப்பு என்று மொழிபெயர்த்தால் அகராதிப்படி சரி. ஆனால் கணக்கில் அந்தச் சொல் தரும் செய்தி ‘உராய்வு இல்லை என்று வைத்துக்கொள்’ என்பது. ‘லைட் ஸ்ட்ரிங்’ என்றால் வெளிச்சமான நூல் அல்ல, நிறையைக் கணக்கில் சேர்க்க வேண்டாத நூல்.

இவற்றுக்கும் ஒரு படி மேலே, எண்ணை ஒளித்து வைத்திருக்கும் சொற்றொடர்கள் இருக்கின்றன. ‘ஸ்டார்ட்ஸ் ஃப்ரம் ரெஸ்ட்’ என்று வந்தால் u = 0, அதாவது தொடக்கத் திசைவேகம் சுழியம். ‘கம்ஸ் டு ரெஸ்ட்’ அல்லது ‘பிராட் டு ரெஸ்ட்’ என்று வந்தால் v = 0, அதாவது இறுதித் திசைவேகம் சுழியம். ‘டிராப்ட் ஃப்ரம் எ ஹைட்’ என்றாலும் u = 0. எறியப்பட்டது என்று சொல்லாமல் விடப்பட்டது என்று சொல்வதால் அப்படி. இந்த மூன்றும் தெரியாதவன் ‘கணக்கில் ஒரு மதிப்பு குறைகிறதே’ என்று உட்கார்ந்திருப்பான். சூத்திரம் அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்.

ஆகவே ஒரு பாடத்துக்கு 25 முதல் 30 அட்டை போதும். அதில் பாதிக்குப் பாதி இப்படிப்பட்ட சாதாரணச் சொற்களாக இருக்கட்டும். ‘இயக்க விதிகள்’ பாடத்துக்குக் கலைச்சொற்கள் என்று பார்த்தால் விசை, நிறை, எடை, வேகம், திசைவேகம், முடுக்கம், நிலைமம், உந்தம், கணத்தாக்கு, திருப்புத்திறன், உராய்வு, தொகுபயன் விசை ஆகிய பன்னிரண்டும் முதல் சுற்றுக்குப் போதுமானவை.

தமிழ்ச் சொல்லை எங்கிருந்து எடுக்கிறது? நெட்டில் தேடினால் ஒன்றுக்கொன்று முரணாக வருது.

தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்புத் தமிழ் வழிப் புத்தகத்தையும் அதே வகுப்பு ஆங்கில வழிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாட வரிசையும் படங்களும் இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதால், ஒரு படத்தின் கீழே உள்ள வரியை ஒப்பிட்டாலே சொல் இணை கிடைத்துவிடும். பாடநூல் கழகத்தின் புத்தகங்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இன்னொரு நல்ல மூலம் பழைய பொதுத்தேர்வு அறிவியல் வினாத்தாள். அதில் ஒவ்வொரு வினாவும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும். ‘வரையறு’, ‘தருவி’, ‘வேறுபடுத்துக’, ‘காரணம் கூறுக’ போன்ற கட்டளைச் சொற்களுக்கு இதைவிட நம்பகமான இடம் கிடையாது.

நெட்டில் முரண் வருவதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களின் கலைச்சொற்கள் நம்முடையவற்றிலிருந்து வேறுபடும். அங்கே ‘திணிவு’ என்பது நமக்கு ‘நிறை’. அங்கே ‘நிறை’ என்பது நமக்கு ‘எடை’. நம்முடைய ‘முடுக்கம்’ அவர்களுக்கு ‘ஆர்முடுகல்’. நாம் ‘வேகம்’ என்பதை அவர்கள் ‘கதி’ என்பார்கள், நாம் ‘திசைவேகம்’ என்பதை ‘வேகம்’ என்பார்கள். இரண்டும் அந்தந்த நாட்டில் சரியானவை. தமிழ் விக்கிப்பீடியாவில் இரண்டும் கலந்தே இருக்கும். ‘ஆர்முடுகல்’ போன்ற புதுச் சொல் வந்தால் பிள்ளைகளே சந்தேகப்பட்டு விலகிவிடுவார்கள். ‘நிறை’யும் ‘வேகமு’ம்தான் ஆபத்து. ஏனென்றால் சொல் பழகியதாகவும் பொருள் வேறாகவும் இருக்கும். ‘நிறை’ என்பதற்கு நேரே நியூட்டன் என்று அலகு போட்டிருந்தால் அது இலங்கைப் பக்கம் என்று முடிவு செய்துகொள்ளலாம். நம் புத்தகத்தில் நிறைக்கு அலகு கிலோகிராம்.

அட்டையில் என்னென்ன எழுதணும்? ஒரு அட்டையை முழுசா காட்ட முடியுமா?

‘மொமென்டம்’ அட்டையை எடுத்துக்கொள்வோம்.

முன்பக்கத்தில் நடுவே ஆங்கிலச் சொல், பெரிய எழுத்தில். அதன் கீழே அசை பிரித்து, அழுத்தம் விழும் அசைக்கு அடிக்கோடு. மொ-மென்-டம் என்பதில் ‘மென்’ அழுத்தம் பெறும். வலது மேல் மூலையில் பாடத்தின் சுருக்கம், ‘ஃபிசிக்ஸ் 1’ என்பதுபோல. முன்பக்கத்தில் இவ்வளவுதான். தமிழ் ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது.

பின்பக்கத்தில் முதல் வரி: உந்தம். இரண்டாம் வரி: p = mv, அலகு kg m/s. மூன்றாம் வரி: அந்தச் சொல் வரும் ஓர் ஆங்கில வாக்கியம். நான்காம் வரி: குழப்பம் தரக்கூடிய அண்டைச் சொல். இந்த அட்டையில் அது ‘மொமென்ட்’, அதாவது திருப்புத்திறன்.

நான்காம் வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தமிழில் உந்தத்துக்கும் திருப்புத்திறனுக்கும் ஓசையில் ஒட்டே இல்லை, அதனால் தமிழ் வழியில் படித்தபோது இந்தக் குழப்பம் வந்திருக்காது. ஆங்கிலத்தில் ஒரே பாடத்துக்குள் மொமென்டமும் மொமென்டும் அடுத்தடுத்து வரும். இதேபோல எதிரொளிப்பும் ஒளிவிலகலும் தமிழில் தெளிவாகப் பிரிந்து நிற்கும். ‘ரிஃப்ளெக்ஷன்’, ‘ரிஃப்ராக்ஷன்’ என்று கேட்கும்போது அவசரத்தில் ஒன்று மற்றதாகிவிடும். வெப்ப உமிழ்வினை, வெப்பக் கொள்வினை என்ற ஜோடியும் அப்படியே. ‘எக்ஸோ’ என்றால் வெளியே, ‘எண்டோ’ என்றால் உள்ளே என்று அந்த இரண்டு அட்டையின் நான்காம் வரியில் எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

மூன்றாம் வரியின் வாக்கியத்தை ஊரைச் சார்ந்ததாக எழுதுங்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரி வருவதை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பார்க்காமல் இருக்க முடியாது. பாரம் ஏற்றிய லாரிக்கும் காலி லாரிக்கும் வேகம் ஒன்றாகவே இருந்தாலும் உந்தம் ஏன் வேறு என்று அந்த ஒரு வாக்கியம் சொல்லிவிடும்.

ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு மூன்று சொல் வந்தால்?

தனித்தனி அட்டை போடுங்கள். ஒரே அட்டையில் காற்புள்ளி போட்டு எல்லாவற்றையும் எழுதினால், மாணவன் முதல் சொல்லை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த அட்டைக்குப் போய்விடுவான்.

‘நியூக்ளியஸ்’ உயிரியலில் உட்கரு, இயற்பியலிலும் வேதியியலிலும் அணுக்கரு. ‘செல்’ உயிரியலில் அதே பெயரோடு வரும், மின்னோட்டவியலில் மின்கலம். ‘சொல்யூஷன்’ வேதியியலில் கரைசல், கணக்கில் தீர்வு. ‘பவர்’ இயற்பியலில் திறன், கணிதத்தில் அடுக்கு. ‘பேஸ்’ வேதியியலில் காரம், முக்கோணத்தில் அடிப்பக்கம். ‘கன்சர்வேஷன்’ உயிரியலில் பாதுகாப்பு. உந்தத்தையோ ஆற்றலையோ சொல்லும்போது அழிவின்மை.

இந்த வகை அட்டைகளில் மட்டும் முன்பக்கத்தில் ஒரு சின்ன துணை வேண்டும். தனிச் சொல்லை எழுதாமல் இரண்டு மூன்று சொல் கொண்ட தொடராக எழுதுங்கள். ‘நியூக்ளியஸ் ஆஃப் ஆன் ஆட்டம்’ என்று ஓர் அட்டை, ‘நியூக்ளியஸ் ஆஃப் எ செல்’ என்று ஓர் அட்டை. வகுப்பிலும் தேர்விலும் சொல் தனியாக வரப்போவதில்லை, தொடரில்தான் வரும்.

சொல்லெல்லாம் தெரிந்தும் வாக்கியம் புரியலை என்கிறாள். அதற்கு அட்டை உதவுமா?

உதவும், ஆனால் சொல் அட்டை உதவாது. தொடர் அட்டை வேண்டும்.

நியூட்டனின் இரண்டாம் விதியில் வரும் தொடரைப் பாருங்கள்: ‘ரேட் ஆஃப் சேஞ்ச் ஆஃப் மொமென்டம்’. ரேட் என்றால் வீதம், சேஞ்ச் என்றால் மாறுபாடு, மொமென்டம் என்றால் உந்தம். மூன்றும் தெரிந்த பெண், இடமிருந்து வலமாக ‘வீதம் மாறுபாடு உந்தம்’ என்று அடுக்குவாள். அது எதுவுமே ஆகாது. தமிழில் நமக்கு வேண்டியது ‘உந்த மாறுபாட்டு வீதம்’. அதாவது ‘ஆஃப்’ வந்த இடமெல்லாம் கடைசியிலிருந்து முன்னோக்கி வர வேண்டும். இந்த ஒரு பழக்கம் பாதி வாக்கியங்களைத் திறந்துவிடும். ‘சென்டர் ஆஃப் மாஸ் ஆஃப் எ பாடி’ பொருளின் நிறை மையம். ‘லா ஆஃப் கன்சர்வேஷன் ஆஃப் லீனியர் மொமென்டம்’ நேர்க்கோட்டு உந்த அழிவின்மை விதி. தமிழ்த் தொடரின் வரிசை ஆங்கிலத்துக்கு நேர் தலைகீழாக இருப்பதைக் கவனியுங்கள்.

தொடர் அட்டை செய்யும்போது முன்பக்கத்தில் ஆங்கிலத் தொடரை எழுதி, ஒவ்வொரு ‘ஆஃப்’க்கும் மேலே வலமிருந்து இடமாக ஒரு சின்ன அம்புக்குறி போடுங்கள். முதல் பத்து அட்டைக்கு மட்டும் அம்பு போதும். அதற்குப் பிறகு அம்பில்லாமல் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தொடர் அட்டையாகப் போட வேண்டிய இன்னும் சில: ‘டைரக்ட்லி புரோபோர்ஷனல் டு’ நேர்த்தகவில், ‘இன்வெர்ஸ்லி புரோபோர்ஷனல் டு’ எதிர்த்தகவில், ‘பெர் யூனிட் ஏரியா’ ஓரலகுப் பரப்பில், ‘ஃபோர்ஸ் ஆக்டிங் ஆன் எ பாடி’ பொருளின் மீது செயல்படும் விசை. கடைசித் தொடரில் ‘ஆன் எ பாடி’ என்பதைப் ‘பொருளால்’ என்று எடுத்துக்கொண்டால் பொருளே விசையைச் செலுத்துவதாகிவிடும். மூன்றாம் விதியில் எந்த விசை எதன் மீது என்பதுதான் முழு விஷயமும், அதனால் இந்த ஒரு சொல் வேறுபாட்டை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு கணக்கை வைத்து அட்டை எப்படிப் பயன்படும் என்று காட்டுங்களேன்.

இப்படி ஒரு வினா: ‘எ லாரி ஆஃப் மாஸ் 10,000 kg மூவிங் அட் 36 km/h இஸ் பிராட் டு ரெஸ்ட் இன் 20 s. ஃபைண்ட் தி ரிடார்டிங் ஃபோர்ஸ்.’

மாணவன் முதலில் கணக்குப் போடக் கூடாது. பென்சிலால் மூன்று இடத்தில் அடிக்கோடு போட வேண்டும். ‘ஆஃப் மாஸ்’ என்பதன் மேலே m. ‘மூவிங் அட்’ என்பதன் மேலே u. ‘பிராட் டு ரெஸ்ட்’ என்பதன் மேலே v = 0. கடைசியில் ‘ரிடார்டிங் ஃபோர்ஸ்’ என்றால் வேகத்தைக் குறைக்கும் விசை, அதாவது இயக்கத்துக்கு எதிர்த் திசையில் செயல்படுவது.

இனி எல்லாம் பழைய கணக்குதான். 36 km/h என்பது 10 m/s. தொடக்க உந்தம் 10,000 × 10 = 1,00,000 kg m/s. இறுதி உந்தம் சுழியம். 20 நொடியில் மாறிய உந்தம் 1,00,000 என்பதால் விசை 1,00,000 ÷ 20 = 5,000 N. இதே லாரி 5 நொடியில் நிற்க வேண்டுமானால் 20,000 N தேவை.

பிழை எங்கே நடந்தது என்று விடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். 18,000 N என்று வந்தால் கிலோமீட்டரை மாற்றவில்லை, அது மொழிப் பிழை அல்ல. ‘இறுதித் திசைவேகம் கொடுக்கவில்லை’ என்று எழுதி விட்டிருந்தால், அது ‘பிராட் டு ரெஸ்ட்’ அட்டையின் பிழை. இப்படிப் பிரித்துப் பார்க்காமல் ‘இங்கிலீஷ் வரலை’ என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தால் எதைத் திருத்துவது என்றே தெரியாது.

அட்டைக்கு என்ன தாள் வாங்கலாம்? பிரிண்ட் போடணுமா?

கையால் எழுதுவதே நல்லது. எழுதும்போது எழுத்துக்கூட்டல் பாதி மனதில் பதிந்துவிடும். சாதாரண சார்ட் தாள் 56 × 71 செ.மீ. அளவில் வரும். அதை 7 × 10 செ.மீ. துண்டாக வெட்டினால் ஒரு தாளுக்கு 56 அட்டை, ஏறக்குறைய இரண்டு பாடத்துக்கு ஆகும். கருநிறச் சார்ட் வேண்டாம், வெள்ளையோ இளமஞ்சளோ வாங்குங்கள்.

ஸ்கெட்ச் பேனாவால் எழுதினால் மை மறுபக்கம் தெரியும். விடை முன்பக்கத்திலேயே நிழலாகத் தெரிந்தால் அட்டை வீண். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். எழுத்து தெரிந்தால் பால் பாயிண்ட் பேனாவுக்கு மாறுங்கள். இடது மேல் மூலையில் துளையிட்டு நூல் கோத்தால் அட்டைகள் சிதறாது. ஆனால் படிக்கும்போது நூலை அவிழ்த்துவிட வேண்டும், இல்லையென்றால் வரிசை மாறாமல் ஒரே ஒழுங்கில் வந்துகொண்டிருக்கும்.

டி.டி.பி. கடையில் டைப் செய்து வாங்கினோம். எங்கள் போனில் திறந்தால் தமிழ் எல்லாம் ஏதோ ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யூனிகோடில் தட்டித் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே தட்டியதை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் உண்டு. மாற்றிய பிறகு கொம்பு, துணைக்கால், ஒற்றெழுத்துகளைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

போனில் Anki செயலியில் படிக்க விரும்பினால் கோப்பை இப்படி எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வரிக்கு ஓர் அட்டை, முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஓர் அரைப்புள்ளி:

```
momentum;உந்தம், p = mv, kg m/s
moment of a force;திருப்புத்திறன், N m
impulse;கணத்தாக்கு, N s
brought to rest;v = 0
smooth surface;உராய்வற்ற பரப்பு
```

கோப்பை UTF-8 என்று சேமிக்க வேண்டும். எக்செல்லில் செய்தால் சேமிக்கும்போது CSV UTF-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் CSV என்று சேமித்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறியாக மாறிவிடும், திரும்ப மீட்க முடியாது. கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்து எக்செல் அரைப்புள்ளிக்குப் பதில் காற்புள்ளியைப் போடும். அப்போது பின்பக்கத்தில் காற்புள்ளி இருக்கும் வரிகள் சிதறாமல் சேர்ந்ததா என்று இரண்டு அட்டையைத் திறந்து பாருங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை அட்டை? எப்படித் திருப்பிப் பார்ப்பது?

புதிய அட்டை நாளுக்கு ஆறு, வாரத்துக்கு ஐந்து நாள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஆறு வாரம் கிடைத்தால்கூட 180 அட்டை ஆகிவிடும். ஆறு பாடத்துக்கு அது தாராளம்.

திருப்பிப் பார்க்க லைட்னர் பெட்டி முறை எளிது. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1970-களில் பரப்பிய முறை இது. மூன்று இனிப்புப் பெட்டி போதும். முதல் பெட்டி தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது பத்து நாளுக்கு ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தவறினால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்கே திரும்பும். மூன்றாம் பெட்டியில் இரண்டு முறை சரியாக வந்த அட்டையை ஓரமாக எடுத்து வைத்துவிடலாம்.

‘சரி’ என்பதற்கு அளவு உண்டு. முன்பக்கம் பார்த்து மூன்று நொடிக்குள் தமிழ்ச் சொல்லும் ஒரு வரி விளக்கமும் வர வேண்டும். யோசித்து யோசித்துச் சொன்னால் அதைத் தவறு என்றே கணக்கு வையுங்கள், பிள்ளை சண்டை போட்டாலும் பரவாயில்லை. முதல் பெட்டி 20 அட்டையைத் தாண்டினால் புதிய அட்டையை நிறுத்திவிடுங்கள்.

வீட்டில் நன்றாகச் சொல்கிறான், தேர்வில் எழுத வரலை. ஏன்?

ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் சொல்வது மட்டும் பழகியிருப்பான். அது படிக்க உதவும், எழுத உதவாது. இரண்டாம் பெட்டிக்கு வந்த அட்டைகளைத் திருப்பிப் போடுங்கள். தமிழைப் பார்த்து ஆங்கிலச் சொல்லைத் தாளில் எழுத்துக்கூட்டி எழுத வேண்டும், வாயால் சொல்லக் கூடாது.

இன்னொரு காரணம், சொல்லை அல்ல, அட்டையையே அடையாளம் கண்டுகொள்வது. மூலை மடிந்தது, டீக்கறை பட்டது என்று பார்த்தே விடை சொல்லுவான். தினமும் சீட்டுக் குலுக்குவதுபோல் கலைத்துவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை அட்டையைக் காட்டாமல் சொல்லை உரக்க வாசித்துக் கேளுங்கள். வகுப்பில் சொல் காதுவழி வருவதால் இந்தக் கேட்கும் சோதனை மற்றதைவிட முக்கியமானது.

பன்மை வடிவங்களிலும் மார்க் போகும். ஸ்டோமா ஒன்று, ஸ்டோமாட்டா பல. மைட்டோகாண்ட்ரியன் ஒன்று, மைட்டோகாண்ட்ரியா பல. பாக்டீரியம், பாக்டீரியா, நியூக்ளியஸ், நியூக்ளியை. இவற்றுக்குப் பின்பக்க ஓரத்தில் பன்மையையும் எழுதிவிடுங்கள்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளலாமா?

முதல் ஒரு வாரத்துக்கு, பின்பக்கத்தில் மட்டும், பென்சிலால். தமிழ் எழுத்தில் ‘பேஸ்’ என்று எழுதினால் அது காரமா, நடக்கும் வேகமா என்று எழுத்து காட்டாது. ‘ஃபேஸ்’ என்று ஆய்தம் போட்டாலும் முகமா, நிலைமையா என்று தெரியாது. பிள்ளை சரியாக வாசிக்கத் தொடங்கியதும் அழித்துவிடுங்கள்.

நாங்கள் ஓசூர் பக்கம். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், இப்போது ஆங்கிலம். மூன்று மொழி அட்டை போடலாமா?

வேண்டாம். அறிவியலைப் பிள்ளை எந்த மொழியில் படித்ததோ அந்த மொழி மட்டும் பின்பக்கத்தில் இருக்கட்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசினாலும், முடுக்கத்தை முதலில் தமிழ்ப் பாடமாகத்தானே கேட்டிருக்கும். அறிவியலையே தெலுங்கு அல்லது கன்னட வழியில் படித்து வந்த பிள்ளையென்றால் பின்பக்கத்தை அந்த மொழியில் எழுதுங்கள். அப்போது சொற்களை அந்த மொழிப் பாடநூலிலிருந்தே எடுக்க வேண்டும், பேச்சு வழக்கிலிருந்து எடுக்கக் கூடாது.

பட்டுப்புழு வளர்க்கிற வீட்டுப் பிள்ளை. அந்த அனுபவத்தை அட்டையில் பயன்படுத்த முடியுமா?

தாராளமாக. உயிரியலில் உருமாற்றத்துக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி என்ற நான்கு நிலையும், புழு நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவம் கடப்பதும் அந்தப் பிள்ளை கண்ணால் பார்த்தது. ஆங்கிலத்தில் ‘லார்வா’, ‘பியூப்பா’, ‘மோல்ட்டிங்’, ‘இன்ஸ்டார்’ என்று நான்கு அட்டை போதும்.

ஒரே ஓர் இடத்தில் வீட்டு வழக்கு இடறும். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு எடுத்துப்போவதைக் ‘கூடு’ என்கிறோம். அது ‘கக்கூன்’. ‘பியூப்பா’ என்பது அந்தக் கூட்டுக்குள் இருக்கும் உயிர். ‘பியூப்பா’ அட்டையின் பின்பக்கம் ‘கூடு’ என்று எழுதிவிட்டால் தவறு, ‘கூட்டுப்புழு’ என்று எழுத வேண்டும். நான்காம் வரியில் கக்கூனையும் குறித்துவிடுங்கள்.

பின்பக்கத்தில் தமிழ் எவ்வளவு நாள் இருக்கணும்? எப்போதும் தமிழை நம்பியே இருந்துவிடுவாளோ?

மூன்றாம் பெட்டியைத் தாண்டிய அட்டைகளுக்குத் தமிழ் தேவைப்படாது. அந்த அட்டைகளின் பின்பக்கம் ஒரு சின்னத் தாளை ஒட்டி, தமிழை மறைத்து, ஆங்கிலத்தில் ஒரு வரி வரையறையை அவளையே எழுதச் சொல்லுங்கள். புத்தகத்தைப் பார்க்காமல் எழுதட்டும், பிறகு ஒப்பிடட்டும். எழுத முடியாவிட்டால் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு அட்டையை இரண்டாம் பெட்டியில் போடுங்கள்.

ஆனால் கலைச்சொல் அட்டைக்குத்தான் இது. ‘பிராட் டு ரெஸ்ட்’ போன்ற தொடர் அட்டைகளில் பின்பக்கம் ஏற்கெனவே v = 0 என்று குறியீட்டில் இருப்பதால் மாற்ற ஒன்றுமில்லை.